ஞாபகத்தில் நின்றது "ராஜ யோக வைபவம்" மட்டும்

குடந்தைக்காரன்
பாட்டி அடுப்படியில் முணுமுணுக்கும் பாட்டு. "ராஜ யோக வைபவம், யோக வைபவம், வைபவம்" என்று தேய்ந்துகொண்டே போகும் இடம் மட்டும் எனக்கு ஞாபகம் இருந்தது. அதற்கு முன்னால் "தியாகராஜ" என்று வரும். சரி, இயற்றியவர் தன் அடையாளமாகப் பாட்டுக்குள் வைக்கும் முத்திரையே கிடைத்துவிட்டது என்று தியாகராஜ சுவாமிகளின் கீர்த்தனைப் புத்தகத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தேடினேன். இல்லை.

கடைசியில் பக்கத்துத் தெரு பாட்டு வாத்தியார் சொன்னார்: "பல்லவியோட முதல் சொல்லாவே வருதே, அது பாடினவர் பேரு இல்லப்பா, திருவாரூர் சாமி பேரு. சரணத்தைப் பாரு."

சரணத்தில் "ஸ்ரீ குருகுஹ குரும் சச்சிதானந்த பைரவீசம்" என்று இருந்தது. குருகுஹ, முத்துசுவாமி தீட்சிதர் முத்திரை. சச்சிதானந்தவின் வாலையும் பைரவீசத்தின் தலையையும் சேர்த்தால் ஆனந்தபைரவி! ராகத்தின் பேரும் அதே வரியில் ஒளிந்திருந்தது. பாட்டி முணுமுணுத்த இடம் பல்லவிதான்: தியாகராஜ, அகராஜ, ராஜ என்று முன்னெழுத்துகள் உதிர்ந்து கடைசியில் "வம்" மட்டும் மிஞ்சும்.

மெட்டுப்பைத்தியம்
இவ்வளவு சுற்றுவானேன்? தெலுங்கு என்றால் தியாகராஜர், சமஸ்கிருதம் என்றால் தீட்சிதர். நான் அப்படித்தான் பிரிப்பேன்.

லலிதா மாமி
முக்கால்வாசி நேரம் சரியாக வரும், தம்பி. ஆனால் "ஜகதானந்தகாரகா" முழுக்க சமஸ்கிருதம், பாடியவர் தியாகராஜர். சுவாதித் திருநாளும் சமஸ்கிருதத்தில் நிறையப் பாடியிருக்கிறார். பத்மநாப, சரசிஜநாப என்று ஏதாவது காதில் விழுந்தால் அவர் பக்கம் போங்கள்.

எனக்கு ஒருமுறை கோயில் ஒலிபெருக்கியில் "மரிவேரே" மட்டும் கேட்டது. அடுத்து அம்மாவா அய்யாவா என்பதில்தான் விஷயம். "கதி எவரம்மா" என்றால் சியாமா சாஸ்திரி, ஆனந்தபைரவி. "திக்கெவரய்யா" என்றால் பட்டணம் சுப்பிரமணிய ஐயர், சண்முகப்பிரியா. எனக்குக் கேட்டது பின்னது. அதன் சரணத்தில் வேங்கடேச என்று வரும், அது அவர் முத்திரை.

புதுவயலின்
ஆனந்தபைரவியில் வர்ணம் எது முதலில் கற்கலாம்?

லலிதா மாமி
அது வேறு கதை, கண்ணா. தனியாகக் கேள்.

மெட்டுப்பைத்தியம்
அப்போ குருகுஹ இருந்தால் தீட்சிதர் என்றாவது கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாமா?

குடந்தைக்காரன்
வாத்தியாரிடம் நானும் கேட்டேன். 1904-இல் சுப்பராம தீட்சிதர் அச்சிட்ட சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி என்ற தொகுப்பில் இருந்தால் தைரியமாகச் சொல்லலாமாம். பின்னால் வெளிவந்த சிலவற்றில் குருகுஹ இருந்தும், அவர் பாட்டுதானா என்ற சண்டை ஓயவில்லை. பாட்டியின் பாட்டு பிரதர்சினியிலேயே இருக்கிறது.

லலிதா மாமி
அந்தச் சண்டையில் எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி. என் தங்கை, அச்சிடாமல் விட்டதெல்லாம் போலியா என்பாள்.