பால் ஊசிக்குப் பழகிய மாட்டை வாங்கிவிட்டேன்: மீட்டவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

குறிஞ்சிப்பாடிக்காரன்

தை மாதக் கடைசியில் பண்ருட்டிப் பக்கம் தரகர் ஒருவர் மூலமாக ஜெர்சி கலப்பின மாடு வாங்கினேன். இரண்டாம் ஈற்று. கிடேரிக் கன்றுக்கு ஐம்பது நாள். விலை பேசிய அன்று காலையில் என் கண்முன்னே ஆறு லிட்டர் கறந்து காட்டினார்கள். கறப்பதற்கு முன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி வருகிறோம் என்று கொட்டகைக்குப் பின்னால் ஓட்டிப் போனார்கள். தண்ணீர்த் தொட்டி முன்பக்கம்தான் இருந்தது என்பது வீட்டுக்கு வந்த பிறகே உறைத்தது.

மறுநாள் காலை எங்கள் வீட்டில் கறந்தது ஒன்றேகால் லிட்டர். மடி கல்லாக நிற்கிறது, காம்பை இழுத்தால் நூல் போல வந்து நின்றுவிடுகிறது. இடம் மாறிய மிரட்சி என்று நினைத்தேன். மூன்றாம் நாள் என் மகன் பேனாவும் நோட்டுமாகக் கொட்டகைக்குள் வந்தான். பேனாவைப் பார்த்ததும் மாடு பின்வாங்கி, உடல் சிலிர்த்து, நின்ற இடத்திலேயே சாணம் போட்டது. கழுத்தைத் தடவிப் பார்த்தேன். இடப்பக்கம் சுண்டைக்காய் அளவில் நான்கு கட்டிகள்.

விற்றவரைத் தொலைபேசியில் கேட்டேன். கொஞ்சமும் கூச்சமில்லை. “அடடா, அதற்கு ஒரு பாட்டில் உண்டே, கொடுக்க மறந்துவிட்டேன் தம்பி” என்று சொல்லி மறுநாள் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். ரப்பர் மூடி போட்ட பிளாஸ்டிக் பாட்டில். லேபிள் இல்லை, தேதி இல்லை, எவ்வளவு போடுவது என்றும் இல்லை.

கன்றின் நிலைதான் மனதைப் பிசைகிறது. ஐம்பது நாள் கன்று, எடை முப்பது கிலோவைத் தொடவில்லை. முடி சிலிர்த்து, வயிறு மட்டும் பானை போல. மண்ணை நக்குகிறது. ஊசியை நிறுத்தி மாட்டை இயல்புக்குக் கொண்டுவந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

முத்தியால்பேட்டை வாசகர்

ஊசி போட்ட பாலைக் குடித்துத்தான் இந்தக் காலத்துப் பெண் பிள்ளைகள் ஒன்பது வயதிலேயே பெரியவளாகிவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் இதற்காகவே பால்காரரை மாற்றினோம். மாட்டை விடுங்கள், முதலில் குழந்தைகளைக் காப்பாற்றுங்கள்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், கடலூர்

முத்தியால்பேட்டை நண்பரே, ஊசி தவறு என்பதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் நீங்கள் சொல்லும் காரணம் நிற்காது. அந்த ஊசியில் இருக்கும் ஆக்சிடோசின் ஒரு சின்னப் புரதத் துண்டு. வயிற்றுக்குள் போனால் மற்றப் புரதங்களைப் போலச் செரித்துவிடும். மாட்டின் இரத்தத்திலேயே அது சில நிமிடங்களுக்கு மேல் தங்குவதில்லை. பெண் பிள்ளைகள் சீக்கிரம் பூப்பெய்துவதற்கு அதைக் காரணம் காட்ட ஆதாரம் கிடையாது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பாலில் கெடுதல் இல்லை என்று தெரிந்த மறுநாளே “அப்படியானால் போடலாமே” என்று கிளம்பிவிடுவார்கள். அடி வாங்குவது மாடும் கன்றும்தான்.

குறிஞ்சிப்பாடித் தம்பி, உங்கள் ஒன்றேகால் லிட்டர் கணக்கு மிகச் சரியாக இருக்கிறது. மடியில் இருக்கும் பாலில் ஐந்தில் ஒரு பங்குதான் காம்புக்கு மேலே உள்ள அறையில் தயாராக நிற்கும். அதை யார் இழுத்தாலும் வரும். மீதி நான்கு பங்கும் மேலே நுண்ணிய பைகளில் இருக்கிறது. கன்று முட்டும்போதோ கை மடியில் படும்போதோ மாட்டின் மூளையிலிருந்து இதே ஆக்சிடோசின் சுரந்து, அந்தப் பைகளைப் பிழிந்து பாலைக் கீழே இறக்குகிறது. மாடு பயந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். ஆறு லிட்டர் மாடு ஒன்றேகாலில் நிற்கிறது என்றால் உங்களுக்கு வந்தது அந்தக் கீழறைப் பால் மட்டும்.

ஊசியில் போவது மாடு தானாகச் சுரக்கும் அளவைவிடப் பல மடங்கு. தினம் இரண்டு வேளை அப்படி அடித்து அடித்து, சொந்தச் சுரப்பின் சிறிய அளவுக்கு மடி அசையாமல் போய்விடுகிறது. ஊசியோ கருப்பையையும் சேர்த்துத்தான் இறுக்குகிறது. போட்டதும் சில மாடுகள் முதுகை வளைத்து, வாலைத் தூக்கி முக்குவதைப் பார்த்திருப்பீர்கள். சினை மாட்டுக்குப் போட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கன்றுக்கு ஒரு நாளைக்குத் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் வேண்டும். முப்பது கிலோ கன்றுக்கு மூன்று லிட்டர். ஊசி போட்டுக் கறப்பவர் மடியைத் துடைத்து எடுத்துவிட்டு, பிறகு கன்றை அவிழ்த்து விடுவார். கன்று முட்டி முட்டி வெறும் காம்பைச் சப்பும். உங்கள் கன்று மண் தின்பதற்கு விடை அதில் இருக்கிறது. சாணத்தை ஒருமுறை பரிசோதித்துக் குடற்புழு மருந்தும் கொடுத்துவிடுங்கள்.

மணவெளி

ஐயா, என் மாடு மூன்று லிட்டர்தான் கறக்கிறது. ஐந்தாக்க இந்த ஊசி எத்தனை மில்லி போட வேண்டும்?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், கடலூர்

மேலே எழுதியதை இன்னொரு முறை படியுங்கள். இது பாலை உண்டாக்குகிற மருந்து இல்லை. இருப்பதை இறக்குவது மட்டும்தான் அதன் வேலை. உங்கள் மாட்டுக்கு வேண்டியது தீவனமும் தண்ணீரும்.

வில்லியனூர் கறவைக்காரன்

மறைத்துப் பயனில்லை, நான் போட்டிருக்கிறேன். ஏழு வருடத்துக்கு முன்பு வரை காலையில் பதினான்கு வீடு, இருபத்திரண்டு மாடு. சங்கத்தில் ஏழு மணிக்குப் பால் ஊற்றியாக வேண்டும். கன்றை விட்டு ஊட்டி, சுரப்பு வரும்வரை காத்திருக்க ஒரு மாட்டுக்குப் பத்து நிமிடம் ஆகும். ஊசி என்றால் கழுத்தில் ஒரு குத்து, ஒரு நிமிடத்தில் காம்பு விறைத்துவிடும். சைக்கிள் பையில் ஒரே ஊசி. எல்லா மாட்டுக்கும் அதுவேதான். குறிஞ்சிப்பாடி அண்ணன் சொன்ன அந்தக் கட்டிகள் அப்படி வந்தவைதான். ஒரு வீட்டு மாட்டுக் கழுத்தில் சீழ் கட்டி எலுமிச்சை அளவு வீங்கிய பிறகே விட்டேன்.

விடும்போது தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊசிக்காரன் வந்தால் மாடு ஆளை அடையாளம் வைத்துக்கொள்ளும். என் சைக்கிள் மணி கேட்டாலே நான்கு வீட்டில் மாடு கால் மாற்றத் தொடங்கிவிடும். அந்த வீடுகளில் நான் எவ்வளவு தடவிக் கொடுத்தும் சுரக்கவில்லை. வீட்டு அம்மாவே உட்கார்ந்து கறந்தபோதுதான் விட்டது. அதனால் குறிஞ்சிப்பாடி அண்ணன் முதலில் ஆளை மாற்றட்டும். ஊசி போட்டவரோ அவரைப் போல இருப்பவரோ பக்கத்தில் வரவே கூடாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன்: 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் 12ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. உடல்நலம் கெடும்படி ஊசி போட்டுப் பால் கறந்தால் இரண்டு வருடம் வரை சிறை, மாட்டையும் அரசு எடுத்துக்கொள்ளும். ஒரு வழக்கறிஞர் வீட்டில் கறந்தபோது அவரே படித்துக் காட்டினார். அன்றைக்கும் நான் ஊசி போட்டுத்தான் கறந்திருந்தேன்.

நெல்லிக்குப்பம் அக்கா

எங்கள் வீட்டில் ஊசி நுழைந்ததே கன்று செத்ததால்தான். ஈன்ற ஒன்பதாம் நாள் கழிச்சலில் போயிற்று. மாடு கத்திக் கத்திப் பாலை அடக்கிக்கொண்டது. ஊசி போடலாம் என்றார் கறக்க வந்தவர். நான்கு நாள் போட்டோம். ஐந்தாம் நாள் ஊசி இல்லாமல் ஒரு சொட்டு இல்லை. எங்கள் மாமியார் அந்தக் காலத்து வழியைச் சொன்னார். அடுத்த மாடு கன்றை இழந்தபோது தோலைப் பதப்படுத்தி, வைக்கோல் திணித்து, நான்கு மூங்கில் காலில் நிறுத்தினோம். உப்புத் தண்ணீர் தெளித்து முன்னால் வைத்ததும் மாடு நக்கிக்கொண்டே பால் விட்டது. மழைக்காலத்தில் அது நாறிப் போனது, அதற்குள் மாடு தவிட்டுக்குப் பழகிவிட்டது. ஆனால் முதல் மாட்டுக்குப் பக்கத்து வீட்டுக் கன்றைக் காட்டிப் பார்த்தோம், முட்டித் தள்ளிவிட்டது. எல்லா மாடும் ஏமாறாது.

இப்போது கிடேரி ஈன்றதும் சீம்பாலைக் கறந்து கன்றுக்குப் புட்டியில் கொடுத்து, முதல் நாளிலிருந்தே தாயிடம் விடாமல் வளர்க்கிறேன். கன்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் கைக்குச் சுரக்கிறது.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், கடலூர்

அக்கா சொல்வது கலப்பின மாட்டுக்கு நன்றாகப் பொருந்தும். நாட்டு மாட்டிடம் அதை நான் நம்பிச் சொல்ல மாட்டேன். கன்றைக் காணாமல் வற்றிப் போனவற்றைப் பார்த்திருக்கிறேன். இதில் எங்கள் மருத்துவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது.

குறிஞ்சிப்பாடித் தம்பிக்கு: அந்தப் பாட்டிலைத் தொடாதீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதற்காக ஒரேயடியாக நிறுத்திவிட்டு மடியை நிரம்ப விட்டாலும் மடிநோய் வரும். உங்கள் ஊர் மருந்தகத்து மருத்துவரை அழைத்து, அவர் கையாலேயே அளவைக் குறைத்துக்கொண்டே வந்து சில நாளில் நிறுத்துவது ஒரு வழி. கன்று உயிரோடு இருப்பதால் உங்களுக்கு அதைவிட நல்ல மருந்து கையில் இருக்கிறது. முதல் இரண்டு வாரம் லாபத்தை மறந்து கன்றை முன்னால் விடுங்கள். அது முட்டிச் சுரப்பு வந்ததும் பிடித்துத் தாயின் தலைப்பக்கம் கட்டுங்கள், நக்கட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் மடியைக் கழுவி, உலர்ந்த துணியால் துடைத்து, ஒவ்வொரு காம்பிலும் இரண்டு மூன்று பீச்சு கறுப்புத் துணியில் விடுங்கள். திரி திரியாக வந்தால் மடிநோய். கையை வைத்ததிலிருந்து ஒரு நிமிடமாவது கழித்துக் கறக்கத் தொடங்குங்கள். தொடங்கினால் ஆறு ஏழு நிமிடத்தில் முடித்துவிட வேண்டும். சுரப்பு அதற்குமேல் நிற்காது. பாதியில் எழுந்து தொலைபேசி பேசப் போனால் மீதி மேலேயே நின்றுவிடும்.

குறிஞ்சிப்பாடிக்காரன்

இருபத்திரண்டு நாள் ஆயிற்று. என் மனைவிதான் கறக்கிறாள், நானும் மகனும் அந்த நேரத்தில் கொட்டகைப் பக்கம் போவதில்லை. மருத்துவர் வந்து பார்த்து, கன்று இருப்பதால் ஊசி இல்லாமலே முயலலாம் என்றார். முதல் வாரம் ஒன்றரை லிட்டரைத் தாண்டவில்லை, மீதியைக் கன்று குடித்தது. பத்தாம் நாள் துணியால் துடைத்துவிட்டு எண்ணிக்கொண்டிருந்தபோது காம்புகள் தானாகப் பருத்ததை அவளே பார்த்துக் கூப்பிட்டாள். அன்று மூன்று லிட்டர். இப்போது காலையில் மூன்றரை, மாலையில் இரண்டு. தரகர் காட்டிய ஆறு ஒரு வேளைகூட வரவில்லை. அந்த ஆறில் கன்றின் பங்கும் முந்தின மாலைக் கறவையும் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

முந்தாநாள் பக்கத்துத் தோட்டத்தில் வேட்டு வெடித்தார்கள். மாடு மிரண்டு முக்கால் லிட்டரோடு நிறுத்திக்கொண்டது. மனைவி கொஞ்ச நேரம் காத்துப் பார்த்துவிட்டுச் செம்பை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். கன்றை அவிழ்த்து விட்டோம். வாயோரம் நுரை தள்ளக் குடித்துவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டது.