டர்பனில் 30,000 ராண்ட் பைக்: காசு சேர்த்து வாங்கினால் எவ்வளவு, கடனில் எவ்வளவு?

கணக்குப்பிள்ளை, சாட்ஸ்வொர்த்:
பதிவு, நம்பர் பிளேட் எல்லாம் சேர்த்து ஒரு 125 சிசி பைக் 30,000 ராண்ட் என்று வைத்துக்கொள்வோம். மாதம் கையில் நிற்பது 1,200.

கடனில் முதலில் ஏறுவது தொடக்கக் கட்டணம். சட்ட உச்சவரம்பு 1,050, வாட் சேர்ந்தால் 1,207.50. அதைக் கையில் கட்டாவிட்டால் கடனோடு சேர்ந்து அதற்கும் வட்டி ஓடும். 18% வட்டி, 36 மாதம் என்றால் தவணை 1,128 வரும். மாதச் சேவைக் கட்டணம் வாட்டோடு 69. ஆக மாதம் 1,197, மொத்தம் 43,100.

கடன் வாங்காமல் அந்த 1,200-ஐ மாதாமாதம் சேர்த்தால்? சேமிப்பில் 6% கிடைக்கிறது, பைக் விலையும் வருஷம் 5% ஏறுகிறது என்று எடுத்தால், 27-வது மாதம் கையில் 34,600 இருக்கும், விலை 33,500-ல் நிற்கும். உங்கள் பையிலிருந்து போனது 32,400. வித்தியாசம் ஏறக்குறைய 10,700.

ஃபீனிக்ஸ்காரர்:
கணக்கு சரிதான் அண்ணே, ஆனா 27 மாசம் டாக்ஸியில போறவன் காசு எங்கே? மாசம் 1,000 டாக்ஸிக்கு, பைக்குக்குப் பெட்ரோல் 350 போதும். மாசம் 650 மிச்சம், 27 மாசத்துக்கு 17,550. கடன்தான் ஜெயிக்குது!

கணக்குப்பிள்ளை:
பாதி சரி தம்பி. பைக் ஓடினால் பெட்ரோல் மட்டுமா? கடன் தீரும்வரை முழுக் காப்பீடு கட்டாயம் என்று ஒப்பந்தத்திலேயே போடுவார்கள். அதற்கு 450, சர்வீஸுக்கும் டயருக்கும் மாதம் 100 ஒதுக்கினால் மிச்சம் வெறும் 100. 27 மாதத்துக்கு 2,700. அப்போதும் ரொக்கம் எட்டாயிரம் முன்னால் நிற்கிறது. டாக்ஸிக்கு மாதம் 1,300க்கு மேல் போகிறவர்களுக்குத்தான் கணக்கு திரும்பும். இரண்டு டாக்ஸி மாறிப் போகிறவர்கள் அந்த இடத்துக்கு வந்துவிடுவார்கள்.

டெலிவரி தம்பி:
அண்ணே, நான் சாப்பாடு டெலிவரி பண்றேன். வாடகைக்குக் கொடுத்துக் கடைசியில சொந்தமாக்கற பைக் நல்லதா?

டோங்காட் அக்கா:
கேள்வி அது இல்லை தம்பி, ஆனாலும் சொல்கிறேன். வார வாடகையை 52-ஆல் பெருக்கி, எத்தனை வருஷமோ அதால் பெருக்கிப் பார். நடுவில் ஒரு வாரம் தவறினால் அதுவரை கட்டினது என்ன ஆகும் என்று எழுத்தில் கேள். காப்பீட்டில் டெலிவரி வேலை என்று சொல்லித்தான் எடுக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கு எடுத்துவிட்டு டெலிவரி ஓட்டினால், விபத்து நடந்த அன்று இழப்பீட்டை மறுக்க அதுவே போதும்.

கடன் பக்கம் வருகிறேன். முதல் வருஷம் கட்டும் தவணை 13,540-ல் அசல் குறைவது 8,600தான், மீதி வட்டிக்குப் போய்விடும். அதனால் கையில் காசு வந்தால் சீக்கிரம் அடைப்பதில்தான் லாபம்.

ஃபீனிக்ஸ்காரர்:
முன்னாடியே அடைச்சா மொத்த வட்டியையும் வாங்கிடுவாங்கன்னு ஷோரூம்ல சொன்னாங்களே?

டோங்காட் அக்கா:
கடன் சட்டத்தின் 125-வது பிரிவு அதை விடாது. இந்த அளவுக் கடனை எப்போது வேண்டுமானாலும், முன்னறிவிப்பு இல்லாமலே அடைக்கலாம். அன்றுவரை சேர்ந்த வட்டி, கட்டணத்தோடு நின்றுவிடும், அபராதம் கிடையாது. 12-வது மாதம் நிற்கும் 22,600-ஐக் கட்டிவிட்டால், மீதி வட்டி, சேவைக் கட்டணம் சேர்த்து 6,100 மிச்சம்.

கணக்குப்பிள்ளை:
நடுவழி ஒன்றும் உண்டு. 12 மாதம் சேர்த்தால் 14,800 வரும், பைக் அப்போது 31,500. மீதியை 18 மாதக் கடனில் எடுத்தால் தவணையும் சேவைக் கட்டணமும் சேர்த்து 1,211. மொத்தச் செலவு 36,200. ஆனால் கவனியுங்கள்: கடன் பாதியானாலும் தொடக்கக் கட்டணம் பாதியாகாது. பத்தாயிரத்தைத் தாண்டிய எந்தக் கடனுக்கும் அதே உச்சவரம்பைக் கேட்பார்கள்.

ஷோரூமில் மாதத் தவணையை மட்டும் காட்டினால், ஒப்பந்தத்துக்கு முந்தைய அறிக்கையையும் விலைப்புள்ளியையும் கேட்டு வாங்குங்கள். மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம் என்ற வரி அதில் இருக்கும், ஐந்து வேலைநாள் செல்லுபடியாகும். தவணை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால், கடைசியில் மொத்தமாகக் கட்ட ஒரு பெரிய தொகை ஒளிந்திருக்கும்.

ஃபீனிக்ஸ்காரர்:
கடன் ஆயுள் காப்பீடு உங்க 43,100-ல இல்லையே?

கணக்குப்பிள்ளை:
இல்லை. ஆயிரத்துக்கு மாதம் 4.50க்கு மேல் வாங்கக்கூடாது, ஆகவே முதல் மாதம் அதிகபட்சம் 140. நீங்கள் இறந்தால் கடனை அடைக்கும், பைக் திருடு போனால் ஒரு சதமும் வராது. ஏற்கெனவே வேறு பாலிசி இருந்தால் அதையே காட்டலாம்.

டோங்காட் அக்கா:
விலை 5% ஏறும் என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. ராண்ட் விழுந்தால் வெளிநாட்டு பைக் ஒரே வருஷத்தில் 10% கூட ஏறலாம்.

கணக்குப்பிள்ளை:
அப்படி ஏறினால் மாதங்கள் கூடும் அக்கா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே பைக் இரண்டு வருஷம் ஓடின பிறகு செகண்ட் ஹேண்டில் என்ன விலைக்குப் போகிறது என்று யாராவது போட்டால், அதையும் சேர்த்துப் பார்க்கலாம்.