புதுப்பிப்பு: தம்பியின் உயரமும் பொலிஸ் நேர்முகமும்

முன்பு இங்கே நான் கேட்டது: "தம்பி வீட்டில் அளந்தால் சரியாக 5 அடி 4. பொலிஸ் கொன்ஸ்தாபிளுக்குப் போட்டால் உயரத்தில் தட்டுப்படுமோ?"

ஓய்வுபெற்ற சார்ஜன்ட் ஐயா ஒருவர் இங்கே பதில் போட்டிருந்தார், அதுதான் உதவியது. எப்போது அளந்தது என்று கேட்டார். எழும்பின உடனே. அப்போது 163 சென்ரிமீற்றர், மத்தியானம் திரும்ப அளந்தால் 162.1. வர்த்தமானியில் கேட்ட 5 அடி 4 என்றால் 162.56. முதுகெலும்புக்கு நடுவில் உள்ள வட்டுகள் உடல் பாரத்தில் நீரை இழந்து சுருங்குவதால் பகலில் ஒரு சென்ரிமீற்றர் அளவு குறையும், அதில் பாதிக்கு மேல் எழும்பி முதல் மணித்தியாலத்திலேயே போய்விடும். அதனால் மத்தியான அளவைத்தான் நம்ப வேண்டும். வெறுங்காலோடு, குதியும் முதுகும் சுவரில் முட்ட, தலைக்கு மேலே கொப்பியை மட்டமாக வைத்து அடையாளம் போடுங்கள். கொப்பி சரிந்தால் அளவு பிழைக்கும்.

கம்பியில் தொங்கினால் வளரும் என்று சொன்ன அண்ணை, தொங்கினால் கொஞ்சம் நீளுவது உண்மைதான், ஆனால் நடமாடத் தொடங்க அது திரும்பப் போய்விடும்.

மகள் கண்ணாடி போடுகிறாள், பொலிஸுக்குப் போடலாமா என்று கேட்ட அக்கா, அது வேறு விஷயம், பார்வையைக் கண்ணாடி இல்லாமல்தான் சோதிப்பார்கள், முதலில் கண் வைத்தியரிடம் காட்டுங்கள்.

தம்பி விண்ணப்பம் போட்டுவிட்டான். வயதையும் முடிவுத் திகதிக்குத்தான் கணக்குப் பார்ப்பார்கள், அது சரி. நேர்முகம் காலையிலா பின்னேரமா என்று கடிதம் இன்னும் வரவில்லை.