நம்ம குடும்பம் குழுவில்: ரேவதி பிளவுஸுக்கு எவ்வளவு இறக்கம்?

ரேவதி: அத்தை, நாளைக்குத் தையல் கடைக்குப் போறேன். முகூர்த்தத்துக்கு எடுத்த மெரூன் பட்டுக்குத்தான் பிளவுஸ். முன்கழுத்து 7½, பின்கழுத்து 10, பானை கழுத்து, கை முழங்கை வரைக்கும். அப்படியே சொல்லிடவா?

பெரியப்பா: கழுத்துக்கு ஏழரைப் பவுனா? இப்ப விக்கிற விலைல எதுக்கும்மா அவ்வளவு?

ரேவதி: பெரியப்பா 😂 நகை இல்ல, ஜாக்கெட் கழுத்து. இஞ்சு.

பெரியப்பா: அப்ப சரி. நான் பயந்துட்டேன்.

செல்வி அத்தை: உன் ஷோல்டர் எவ்வளவு? பழைய அளவு பிளவுஸ்ல முன்னாடி பின்னாடி என்ன இறக்கம் இருக்கு?

ரேவதி: ஷோல்டர் 14. உயரம் 14½. முன்னாடி 6½, பின்னாடி 7. அதுல எதுவும் நழுவல, ஆனா பாட்டி ஜாக்கெட் மாதிரி இருக்கு.

மாலா சித்தி: 10 தாராளமா வைக்கலாம் ரேவதி. பின்னாடி கட்டுற நாட் கயிறு வெச்சுட்டா எவ்வளவு இறக்கினாலும் தோள் இறங்காது. நான் அப்படித்தான் தைக்கிறேன்.

செல்வி அத்தை: நாட் பின்பக்கத்தைத்தான் இழுத்துப் பிடிக்கும் மாலா. முன்னாடியும் 7½ இறக்கி, அகலத்தையும் கூட்டிட்டா தோள்பட்டைத் துணியை உள்பக்கமா இழுக்க ஒண்ணுமே இருக்காது. பந்தியில ஒரு தடவை குனிஞ்சு பரிமாறினா முன்கழுத்து வாயைப் பிளந்துட்டு நிக்கும். முன்னாடியா பின்னாடியா, ஏதாவது ஒரு பக்கம்தான் ரொம்ப இறங்கணும். ரேவதிக்குப் பின்பக்கம்தான் ஆசைன்னா முன்னாடி அந்தப் பழைய 6½லயே நிறுத்தட்டும்.

மாலா சித்தி: சரி மதினி. ஆனா எனக்கு இதுவரை நழுவினதே இல்ல.

செல்வி அத்தை: உனக்கு ஷோல்டர் 15, தோளும் சதைப்பிடிப்பு. பிடிச்சு நிக்கும். இவளுக்குத் தோள் சரிவு. ஹேண்ட்பேக்கே நிக்காது பாரு.

ரேவதி: உண்மை 🙈

செல்வி அத்தை: பின்னாடி 10ன்னு வாயில வர்ற நம்பரைச் சொல்லாத. கல்யாணத்தன்னைக்குப் போடப்போற பிராவையே போட்டுக்கோ. தோள்ல கழுத்தை ஒட்டுற இடத்துல டேப்பை வெச்சு, முதுகுல பட்டையோட மேல் விளிம்பு வரைக்கும் நேரா அளக்கச் சொல்லு. அதுல 1 இஞ்சு குறைச்சுக்கோ. அதுதான் உன்னோட கடைசி எல்லை.

ரேவதி: இருங்க, பிரியாவைக் கூப்பிடுறேன்.

பிரியா: அளந்துட்டேன் அத்தை. 10 வருது.

செல்வி அத்தை: அப்போ 9. அதுக்கு மேல வேணும்னா கப் வெச்சுத் தைக்கச் சொல்லி, பிரா இல்லாமத்தான் போடணும். 14½ உயரத்துல 9 போனா கீழ 5½ இஞ்சு துணி இருக்கும், பார்க்கவும் நல்லாருக்கும். பானை கழுத்துன்னா மேல வாய் குறுகலாத்தான் இருக்கும், அதனால நாட் கட்டாயம்னு இல்ல. யு கழுத்துன்னா நான் கட்டாயம் வைக்கச் சொல்லுவேன்.

பிரியா: நாட் வேணும்! குஞ்சம் இல்லாம கல்யாண பிளவுஸா?

செல்வி அத்தை: குஞ்சம் ஜடைல சிக்கும். நாற்காலியில சாஞ்சா முதுகுல குத்தும். அப்புறம் அவ இஷ்டம்.

கீதா அக்கா: அவளை விடுங்க, என் வளைகாப்பு கதையைக் கேளுங்க. சரியா முழங்கை மடங்குற இடத்துல கையை முடிச்சுட்டார் டெய்லர். ஓரத்துல ஜரிகை பார்டர் வேற. கையை மடக்கி ஒரு வாய் சோறு எடுக்க முடியல. வளையல் போட்டு முடிக்கிறதுக்குள்ள மடிப்புல சிவந்து தடிச்சுப்போச்சு.

செல்வி அத்தை: அதைத்தான் சொல்ல வந்தேன். ரேவதி, தோள் முனையிலருந்து முழங்கை வரைக்கும் எவ்வளவு?

பிரியா: 13.

செல்வி அத்தை: அப்போ 11½ல முடிக்கச் சொல்லு. இல்ல, முழங்கையைத் தாண்டணும்னா 15க்குப் போயிடணும். நடுவுல நிக்கக் கூடாது. கை சுற்றளவை அந்த 11½ வர்ற இடத்துலயே, கையை மடக்கி வெச்சுட்டு அளக்கச் சொல்லு. தொங்கவிட்டு அளந்தா மடக்கும்போது பிடிக்கும். இன்னொண்ணு, பின்கழுத்து இறங்குதுன்னு சில டெய்லர்ங்க ஷோல்டரை ஒவ்வொரு பக்கமும் அரை இஞ்சு குறைச்சு வெட்டுவாங்க. நல்லதுதான். ஆனா கை அந்த அரை இஞ்சு உள்ள தள்ளித்தானே ஆரம்பிக்கும்? கீழ அரை இஞ்சு மேல ஏறிடும். அப்படிக் குறைச்சா கையை 12ன்னு வெட்டச் சொல்லு.

மாலா சித்தி: அட, இது எனக்கே தெரியாது 😮

செல்வி அத்தை: பிளவுஸ் துணியைப் பிரிச்சுப் போட்டோ போடு. பார்டர் ரெண்டு பக்கமும் ஒரே அளவா?

ரேவதி: 📷 ஒரு பக்கம் பெருசு, 5 இஞ்சு. மறுபக்கம் சின்னதா ஒரு கோடு மாதிரி. துணி 80 செ.மீ.

செல்வி அத்தை: ம்ம். அப்போ ரெண்டு கையும் பெரிய பார்டர் பக்கமே வெட்டணும். கைக்கு மேல்பக்கம் அகலமான இடத்துல தையலுக்கும் சேர்த்து 15 இஞ்சாவது வேணும். ரெண்டு கைக்கு 30. உன் துணி 31½. மயிரிழை தப்பினா போச்சு. முண்டாவுக்கு அடியில சின்ன ஒட்டு போடலாமான்னு கேப்பார். போடட்டும், வெளிய தெரியாது. ஆனா ஒரு கையைச் சின்ன பார்டர் பக்கம் வெட்டிட்டா தீர்ந்துச்சு. சீட்டுலயே எழுதச் சொல்லு.

பெரியப்பா: இதுக்கு நம்ம வீட்டு பிளானே சீக்கிரம் முடிஞ்சுச்சு.

மாலா சித்தி: ஆரி வேலை போடலையா ரேவதி?

ரேவதி: பின்கழுத்தைச் சுத்தி மட்டும் ஒரு வரிசை கேக்கலாம்னு இருக்கேன் சித்தி.

செல்வி அத்தை: அப்போ நாளைக்கே எல்லாம் முடிவாகணும். டெய்லர் துணியில கழுத்தைக் கோடு போட்டுக் குடுப்பார், அந்தக் கோட்டை ஒட்டித்தான் வேலை போடுவாங்க. அப்புறம் அரை இஞ்சு இறக்குங்கன்னா கல்லும் மணியும் கத்தரியில போயிடும். கோடு போட்ட துணியை ஆரிக்கு அனுப்புறதுக்கு முன்னாடி தோள்மேல வெச்சுக் கண்ணாடில பாரு.

பிரியா: அத்தை, டெய்லர்கிட்ட 9ன்னு சொன்னா 9 தான வைப்பார்?

செல்வி அத்தை: வெட்டுற அளவா, தச்சு முடிச்ச அளவான்னு கேட்டுக்கோ. 9ல வெட்டினா ஓரத்துல பைப்பிங் மடிக்கையில கால் இஞ்சு எறங்கும். அளவு பிளவுஸ்ல சேப்டி பின் குத்திக் காட்டிட்டா வாய்த் தகராறே இல்ல.

ரேவதி: சரி, சீட்டு இப்படி எழுதிட்டேன்:
தச்சு முடிச்ச அளவு. முன்கழுத்து 6½. பின்கழுத்து 9, பானை. ஷோல்டரை 13 ஆக்கினா கை 12, ஆக்கலைன்னா 11½. சுற்றளவு கை மடக்கி. ரெண்டு கையும் பெரிய பார்டர். லைனிங் துணியை நனைச்சுக் காயவெச்சு வெட்டணும். உள்ள 1½ இஞ்சு துணி விடணும்.

செல்வி அத்தை: லைனிங் நீயே ஞாபகம் வெச்சுட்டியே 👏 காட்டன்னா கண்டிப்பா சுருங்கும்.

கீதா அக்கா: முன்னாடி ஹூக்கா, பின்னாடி ஹூக்கா?

ரேவதி: பானை கழுத்துக்குப் பின்னாடி ஹூக் வெச்சா அழகே போயிடும்ல. முன்னாடிதான்.

மாலா சித்தி: நாட்?

பிரியா: நாட்!!

செல்வி அத்தை: 🙄

ரேவதி: அதை டெய்லர்கிட்டயே கேட்டுக்கறேன். ட்ரையல் எப்ப குடுப்பாங்கன்னு தெரியல. போன தடவை கல்யாணத்துக்கு முந்தின ராத்திரிதான் குடுத்தாங்க.

பெரியப்பா: நகைக்காவது பில் உண்டு. இதுக்குத் தேதியே கிடையாது.