கலைச்சொல் தேவை: ‘ரீகாம்பினேஷன்’ – பேனல் ஒளிரும்போது உள்ளே நடப்பதற்கு என்ன பெயர்?

கயல்விழி:

குழுவினருக்கு வணக்கம்.

சூரிய மின் பண்ணைகளில் பேனல்களைச் சோதிக்கும் பணியாளர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதிவருகிறேன். ஈ.எல். எனப்படும் எலக்ட்ரோலூமினசென்ஸ் சோதனை பற்றிய இயலில் ஒரு சொல்லால் நின்றுவிட்டேன்.

சோதனை இதுதான். இருட்டிய பிறகு பேனலுக்குள் வெளியிலிருந்து மின்னோட்டம் செலுத்துகிறோம். 60 செல் உள்ள பேனல் என்றால் ஏறத்தாழ 40 வோல்ட், 9 ஆம்பியர். அப்போது சிலிக்கான் செல்கள் 1150 நானோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பு ஒளியை மிக மங்கலாக உமிழ்கின்றன. கண்ணுக்குத் தெரியாது. அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டியைக் கழற்றிய கேமராவில் பல நொடிகள் திறந்து வைத்து எடுத்தால் தெரியும். பழுதான இடம் கறுப்பாகவோ மங்கலாகவோ இருக்கும்.

ஏன் ஒளிர்கிறது என்று சொல்ல ரீகாம்பினேஷன் என்ற கருத்து தேவை. எலக்ட்ரானும், எலக்ட்ரான் இல்லாத வெற்றிடமான துளையும் சேர்ந்து மறையும் நிகழ்வு. முதல் வரைவில் ‘மறுஇணைப்பு’ என்று எழுதினேன். களத்தில் சிலரிடம் படிக்கக் கொடுத்தபோது, ‘மறுஇணைப்பு சரியில்லாத செல்’ என்ற வரியைப் பார்த்துவிட்டு, கனெக்டரைக் கழற்றி மாட்டிப் பார்க்கச் சொல்வதாக எடுத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மின்வாரிய அலுவலகத்தில் மறுஇணைப்புக் கட்டணம் கட்டிப் பழகியவர்களுக்கு அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இல்லை.

கம்பியை நினைவூட்டாத ஒரு சொல் வேண்டும். ஒளி தரும் வகை, ஒளி தராத வகை என்று அதையே இரண்டாகப் பிரிக்கவும் முடிய வேண்டும்.

சேகர்:

கயல்விழி, இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். எல்.இ.டி.யும் சூரிய செல்லும் ஒரே பொருள்தான். ஒன்றைத் தலைகீழாக மாட்டினால் மற்றது. நானே செய்து பார்த்திருக்கிறேன்: சிவப்பு எல்.இ.டி. ஒன்றை வெயிலில் காட்டி மல்டிமீட்டரில் பார்த்தால் 1.5 வோல்ட்டை ஒட்டி வருகிறது. ஆக, பேனலைத் தலைகீழாக மாட்டி ஒளிரவைக்கிறோம். ‘எதிரியக்கம்’ என்று சொன்னால் களப்பணியாளருக்கு உடனே புரியும்.

தேவகி:

சேகர் செய்த சோதனை சரி. முடிவு பாதிதான் சரி. மீதிப் பாதி கையேட்டில் ஏறினால் சோதனையே நடக்காது.

உங்கள் மல்டிமீட்டரின் சிவப்பு முனையை எல்.இ.டி.யின் எந்தக் காலில் வைத்தபோது நேர்மறையாகக் காட்டியது? நீளமான காலில்தான் இருந்திருக்கும். அதே எல்.இ.டி.யை எரியவைக்க பேட்டரியின் பிளஸ்ஸை எந்தக் காலில் கொடுப்பீர்கள்? அதே நீளமான காலில்தான். மின்னழுத்தத்தின் திசை மாறவே இல்லை. மாறுவது மின்னோட்டத்தின் திசை மட்டும். வெயிலில் அந்தக் காலிலிருந்து மின்னோட்டம் வெளியே வருகிறது, எரியும்போது அதே கால் வழியாக உள்ளே போகிறது.

பேனலுக்கும் இதுவே. ஈ.எல். சோதனையில் பிளஸ்ஸுடன் பிளஸ், மைனஸுடன் மைனஸ். ‘எதிரியக்கம்’ என்று படித்தவர் மாற்றி மாட்டுவார். அப்போது சந்திப் பெட்டியில் உள்ள பைபாஸ் டையோடுகள் திறந்துகொண்டு ஓட்டம் முழுவதும் அவற்றின் வழியே ஓடிவிடும். பவர் சப்ளை 9 ஆம்பியர் காட்டும், வோல்ட் மட்டும் ஒன்றிரண்டைத் தாண்டாது. படத்தில் பேனல் முழுக்கக் கறுப்பு. பேனலே செத்துவிட்டது என்று ஒதுக்கிவைக்கக்கூடும்.

சொல்லுக்கு வருகிறேன். ‘மறு’, ‘மீள்’ இரண்டையும் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. வெளியிலிருந்து ஓட்டம் செலுத்தும்போது செல்லில் எலக்ட்ரான் மிகுந்த n பக்கத்திலிருந்து எலக்ட்ரான்கள் இரு பக்கமும் சேரும் சந்தியைக் கடந்து வருகின்றன, துளை மிகுந்த p பக்கத்திலிருந்து துளைகள் வருகின்றன. சேரும் அந்த இரண்டும் இதற்கு முன் ஒன்றாக இருந்தவை அல்ல. பிரிந்தது திரும்பச் சேர்கிறது என்ற படமே தவறு. ‘சேர்வு’ போதும்.

முருகேசன்:

வணக்கம். நான் இந்தத் துறையில் இல்லை, ஆனால் வீட்டு மாடியில் ஒரு பேனல் வைத்திருக்கிறேன். 12 வோல்ட் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிறது. சூரிய செல் என்று நீங்கள் எழுதுவது மின்கலத்தை, அதாவது பேட்டரியைத்தானே? பேட்டரியிலிருந்து ஓட்டம் போனால் பேனல் ஒளிரும் என்கிறீர்கள். அப்படியானால் ராத்திரி முழுக்க என் பேட்டரி பேனலை எரியவைத்துக்கொண்டே இருக்கிறதா? காலையில் சார்ஜ் குறைவது அதனால்தானா?

தேவகி:

முருகேசன் ஐயா, சூரிய செல் என்பது பேனலில் கட்டம் கட்டமாகத் தெரிகிறதே, அது. பேட்டரி வேறு. ‘மின்கலம்’ என்ற சொல் இரண்டுக்கும் ஓடுவதால் வரும் குழப்பம் இது. கயல்விழி கையேட்டில் ‘செல்’ என்றே வைப்பது நல்லது.

உங்கள் கேள்வி நியாயமானது. பேட்டரிக்கும் பேனலுக்கும் நடுவே ஒன்றும் இல்லையென்றால் இரவில் ஓட்டம் பின்னோக்கிப் போகவே செய்யும். ஆனால் எவ்வளவு? 12 வோல்ட் பேட்டரிக்கான பேனலில் வழக்கமாக 36 செல் தொடராக இருக்கும். 12.6 வோல்ட்டை 36 ஆல் வகுத்தால் ஒரு செல்லுக்கு 0.35 வோல்ட். நன்றாக ஒளிர 0.6 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். சந்தியில் மின்னழுத்தம் 60 மில்லிவோல்ட் குறையும்போதெல்லாம் ஒளி பத்தில் ஒரு பங்காகிறது. இங்கே 250 மில்லிவோல்ட் குறைவு, அதாவது ஒளி பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே. சந்தி வழியாகப் போகும் ஓட்டமும் அதேபோல் சொற்பம்தான். செல்லின் ஓரங்களில் கசிவு இருந்தால் கொஞ்சம் கூடும். சார்ஜ் கன்ட்ரோலர் அதையும் தடுத்துவிடும். காலையில் சார்ஜ் குறைந்தால் பேட்டரியின் வயதையும், இரவில் ஓடும் சுமையையும் பாருங்கள்.

வசந்தன், யாழ்ப்பாணம்:

தேவகி அம்மாவின் விளக்கம் நன்று. நாங்கள் பள்ளியில் எலக்ட்ரானை இலத்திரன், டையோடை இருவாயி என்றுதான் படித்தோம். எல்.இ.டி. எங்களுக்கு ஒளிகாலும் இருவாயி. உமிழ்வதைக் குறிக்கும் ‘காலுதல்’ என்ற வினை உங்கள் பக்கம் புழக்கத்தில் குறைந்திருக்கலாம், ஆனால் கதிர் காலும் என்பது பழைய வழக்கு, அதை விட மனம் வரவில்லை.

‘சேர்வு’ தனியே நின்றால் எதன் சேர்வு என்று தெரியாது. ‘துளைசேர்வு’ என்று வைக்கலாமே? இலத்திரன் துளையைச் சேர்வது. ஒளிகாலும் துளைசேர்வு, ஒளிகாலாத் துளைசேர்வு.

கயல்விழி:

வசந்தன் அண்ணா, ‘துளைசேர்வு’ அழகாக இருக்கிறது. ஆனால் பேனல் சட்டத்தில் போல்ட் மாட்ட ஒரு துளை, எர்த் கம்பிக்கு ஒரு துளை என்று களத்தில் துளைகளுக்குக் குறைவில்லை. மறுஇணைப்புக்கு நேர்ந்ததே இதற்கும் நேரும் என்று பயப்படுகிறேன்.

எனக்குத் தோன்றியது ‘கூடல்’. செல்லில் ஒளி விழுந்தால் எலக்ட்ரான்-துளை இணை தோன்றிப் பிரிகிறது, சந்தியின் மின்புலம் அவற்றை ஆளுக்கொரு பக்கம் தள்ளுகிறது. ஓட்டம் செலுத்தினால் அவை வந்து கூடுகின்றன. பிரிதலும் கூடலும் தமிழில் ஒன்றுக்கொன்று துணைச்சொற்கள். ‘ஒளிர்கூடல்’, ‘ஒளிராக்கூடல்’. கறுப்பாகத் தெரியும் இடமெல்லாம் ஒளிராக்கூடல் நடக்கும் இடம் என்று ஒரே வரியில் எழுதிவிடலாம்.

தேவகி:

கூடல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கடைசி வரியை எழுதாதீர்கள். இரண்டு காரணங்கள்.

முதலாவது, ஒளிராக்கூடல் பழுது அல்ல. குறையே இல்லாத சிலிக்கான் பேனலிலும் பெரும்பாலான கூடல் ஒளிராமல்தான் நடக்கிறது. சிலிக்கானில் எலக்ட்ரானின் உந்தமும் துளையின் உந்தமும் பொருந்துவதில்லை. படிகத்தின் அதிர்வு ஒன்று துணைக்கு வந்தால்தான் ஆற்றல் ஒளியாக வெளியேறும். அந்த வாய்ப்பு அரிது. அதற்குள் ஒரு மாசு அணுவிலோ மேற்பரப்பின் குறையிலோ சிக்கி வெப்பமாகிவிடும். நீங்கள் செலுத்தும் 360 வாட்டில் ஒளியாவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. எல்.இ.டி.க்குச் சிலிக்கானை விட்டுவிட்டு காலியம் சேர்மங்களைத் தேடிப் போனது இதனால்தான், அவற்றில் உந்தம் பொருந்துகிறது.

இரண்டாவது, விரிசல் பட்டுத் துண்டான பகுதி கறுப்பாக இருப்பது அங்கே ஒளிராக்கூடல் நடப்பதால் அல்ல. அங்கே கூடலே நடக்கவில்லை. ஓட்டம் போய்ச் சேராத இடம் அது. இந்த இரண்டு கறுப்பையும் ஒரே சொல்லில் அடைத்தால் பணியாளர் தவறான முடிவுக்கு வருவார்.

பிரித்தறிய வழி இருக்கிறது. ஒரே பேனலை இரண்டு முறை படமெடுக்கச் சொல்லுங்கள்: முழு ஓட்டத்தில் ஒன்று, பத்தில் ஒரு பங்கு ஓட்டத்தில் ஒன்று. அந்தப் 9 ஆம்பியர் பேனலுக்கு இரண்டாவது படம் 0.9 ஆம்பியர். ஒளி மங்குமாதலால் அதை இன்னும் நேரம் கூட்டி எடுக்க வேண்டும். விரிசலைத் தாண்டி ஓட்டம் தட்டுத் தடுமாறிப் போகும் இடம் முழு ஓட்டத்தில் கறுப்பாகவும், குறைந்த ஓட்டத்தில் அக்கம்பக்கத்தோடு ஒத்தும் தெரியும். தடை குறுக்கே நிற்பதால் வரும் இழப்பு ஓட்டத்தோடு சேர்ந்து குறைந்துவிடுகிறது. கசிவு உள்ள செல் நேர்மாறு. முழு ஓட்டத்தில் ஓரளவு ஒளிரும், குறைந்த ஓட்டத்தில் இருண்டுவிடும், ஏனென்றால் கொடுத்த சிறிதளவையும் கசிவு தின்றுவிடுகிறது. இரண்டு படத்திலும் விளிம்பு கூர்மையாகக் கறுத்திருந்தால் அந்தத் துண்டு முற்றாக அறுந்துவிட்டது.

சேகர்:

அம்மா, நேற்று எல்.இ.டி.யை மறுபடி பார்த்தேன். நீளக் கால்தான் பிளஸ். ‘எதிரியக்கம்’ வேண்டாம். ஆனால் களத்தில் ‘கூடல்’ என்றால் மதுரையைத்தான் நினைப்பார்கள். ‘சேர்வு’ என்றே விடலாமே? ஒளிர்சேர்வு, ஒளிராச்சேர்வு.

வசந்தன், யாழ்ப்பாணம்:

ஓட்டம் போகாத இடத்துக்கு ‘மின் எட்டாப் பகுதி’ என்று வைக்கலாம். இதில் இலங்கை, தமிழ்நாடு என்ற சிக்கல் இல்லை. ஒளிகாலலை நான் விடுவதாக இல்லை, ஆனால் உங்கள் கையேட்டுக்கு ஒளிர்தலே பொருந்தும்.

கயல்விழி:

எல்லோருக்கும் நன்றி. கையேட்டில் இப்படி வைக்கிறேன்: இயலின் தொடக்கத்தில் ஒருமுறை ரீகாம்பினேஷன் என்று சொல்லிவிட்டு, அதன்பின் கூடல், ஒளிர்கூடல், ஒளிராக்கூடல். துண்டான இடத்துக்கு மின் எட்டாப் பகுதி. படத்துக்கு ஒளிர்வுப்படம். இரண்டு ஓட்டத்தில் எடுப்பதைத் தனிப் பக்கமாகச் சேர்க்கிறேன். அதன் மேலேயே பிளஸ்ஸுக்குப் பிளஸ் என்றும், பவர் சப்ளையில் வோல்ட் ஒன்றிரண்டில் நின்றால் மாற்றி மாட்டியிருக்கிறீர்கள் என்றும் போடுகிறேன்.

சேகர் சொன்ன ‘சேர்வு’ இன்னும் மனத்தில் இருக்கிறது. அடுத்த வரைவில் பாதிப் படிகளில் கூடலும் பாதியில் சேர்வும் அச்சிட்டுக் கொடுத்து, எதைப் படித்தவர்கள் கனெக்டர் பக்கம் போகாமல் படத்தைச் சரியாக வாசிக்கிறார்கள் என்று பார்க்கிறேன். கசிவுள்ள செல்லுக்கு மட்டும் இன்னும் சொல் கிடைக்கவில்லை. ‘கசிசெல்’ என்றால் தண்ணீர் ஒழுகும் பேனலோடு குழம்பும். யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.