தவணை போக 45,036 வர வேண்டும், வந்தது 37,325. மீதி எங்கே போனது?

அகல்விளக்கு

வணக்கம். நேற்று ராத்திரி சம்பளம் ஏறியது. குறுஞ்செய்தியில் தொகையைப் பார்த்துவிட்டு, ஒரு எண் விட்டுப்போயிருக்குமோ என்று திரும்பத் திரும்பப் படித்தேன்.

என் மொத்தச் சம்பளம் 60,000. அதில் அடிப்படைச் சம்பளம் 30,000. சேமநல நிதிக்கு அடிப்படையில் 12 சதவீதம், அதாவது 3,600 போகும். வரி 1,400 போகும். மீதி 55,000 கைக்கு வரும். பல மாதமாக இதில் மாற்றமே இல்லை.

இப்போது 3 லட்சம் தனிநபர் கடன் எடுத்திருக்கிறேன். ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, 36 மாதம், தவணை 9,964. அலுவலகமே சம்பளத்தில் பிடித்துக் கட்டிவிடும் ஏற்பாடு. இந்த மாதம்தான் முதல் பிடித்தம். 55,000-லிருந்து 9,964 போனால் 45,036 வரும் என்று கணக்குப் போட்டு, வாடகைக்கு இவ்வளவு, அம்மாவின் மாத்திரைக்கு இவ்வளவு என்று டைரியில் எழுதியும் வைத்துவிட்டேன். வந்தது 37,325. 7,711 குறைகிறது. சம்பளச் சீட்டு இன்னும் வரவில்லை. எங்கே போயிருக்கும்? இனி எல்லா மாதமும் இப்படித்தானா?

வாசல்திண்ணை

எனக்குத் தெரிந்து இது ஃப்ளாட் வட்டி விவகாரம். 12 சதவீதம் என்று வாயில் சொல்லிவிட்டு, முழு அசலுக்கும் மூன்று வருஷ வட்டியைப் போட்டுவிடுவார்கள். கடன் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்.

நெடுஞ்சாலை

தவணை பாரமாக இருந்தால் 60 மாதமாக மாற்றித் தரச் சொல்லுங்கள் சகோ. 6,673-க்கு இறங்கிவிடும். கையில் மூவாயிரத்துச் சொச்சம் கூட நிற்கும்.

அகல்விளக்கு

@நெடுஞ்சாலை நன்றி. தவணை கட்ட முடியும், அதில் சிரமம் இல்லை. எதிர்பார்த்த தொகைக்கும் வந்த தொகைக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்பதுதான் என் கேள்வி.

சம்பளமேசை

பதினோரு வருஷமாகச் சம்பளப் பட்டியல் போடுகிற வேலையில் இருக்கிறேன். முதலில் ஃப்ளாட் வட்டி சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். ஃப்ளாட் என்றால் மூன்று வருஷ வட்டி 1,08,000. அசலோடு சேர்த்து 36-ஆல் வகுத்தால் தவணை 11,333 வந்திருக்கும். இவருக்கு 9,964 என்று எழுதியிருக்கிறது. அசல் குறையக் குறைய வட்டியும் குறைகிற முறையில்தான் அந்தத் தொகை வரும். வாசல்திண்ணை சொன்ன மாதிரி ஏமாற்றுவது உண்டு, ஆனால் இங்கே அது நடக்கவில்லை.

60 மாத யோசனை பற்றியும் ஒன்று. தவணை 6,673-க்கு இறங்குவது உண்மை. ஆனால் மொத்த வட்டி ஏறக்குறைய 58,700-லிருந்து ஒரு லட்சத்துக்குப் போய்விடும். கட்ட முடிகிறவர் அதைத் தொட வேண்டாம்.

அகல்விளக்கு, சீட்டு வந்ததும் முதலில் பிடித்தப் பக்கத்தைப் பார்க்காதீர்கள். வரவுப் பக்கத்தைப் பாருங்கள். அங்கே 60,000 இருக்கிறதா? கடன் எடுத்த முதல் மாதம் எல்லோருக்கும் கண் தவணை வரியிலேயே நின்றுவிடும். குறைவு பல நேரம் வரவுப் பக்கத்தில்தான் இருக்கும். விடுப்பு ஏதாவது எடுத்தீர்களா?

அகல்விளக்கு

சீட்டு இப்போதுதான் வந்தது. நீங்கள் கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது மூன்று நாள் போகவில்லை. மருத்துவ விடுப்பில் கழிப்பார்கள் என்று நினைத்தேன்.

வரவுப் பக்கத்தில் அடிப்படை 27,000, இதர படிகள் 27,000, ஆக 54,000 என்று இருக்கிறது. மேலே சின்ன எழுத்தில் "சம்பளமில்லா நாள் 3". பிடித்தப் பக்கத்தில் சேமநல நிதி 3,240, வரி 1,400, கடன் தவணை 9,964. அதற்குக் கீழே "கடன் இதர" என்று 2,071. கடைசியில் 37,325.

மருத்துவ விடுப்பு தீர்ந்துபோனது எனக்குத் தெரியாது. அது போகட்டும். "கடன் இதர" என்றால் என்ன?

சம்பளமேசை

அம்மா இப்போது நலம்தானே? கணக்குக்கு வருவோம்.

சம்பளமில்லா மூன்று நாளுக்கு 60,000-ஐ 30-ஆல் வகுத்து 6,000 கழித்திருக்கிறார்கள். அடிப்படை குறைந்ததால் சேமநல நிதிக்குப் போவதில் 360 குறைந்தது. ஆக விடுப்பால் உங்களுக்கு உண்மையில் குறைந்தது 5,640. மீதி 2,071 அந்த "இதர" வரி. இரண்டையும் கூட்டினால் சரியாக 7,711. காணாமல் போனது எதுவும் இல்லை.

கவனிக்க வேண்டியது இதுதான். சம்பளம் குறைந்தால் சேமநல நிதி தானாகக் குறையும், சில இடங்களில் வரியும் குறையும். தவணை மட்டும் ஒரு பைசா குறையாது. முழு மாதம் வேலை பார்த்தாலும் பாதி மாதம் பார்த்தாலும் 9,964 அப்படியே போகும். கடன் இல்லாத காலத்தில் இந்த மூன்று நாள் நடந்திருந்தால் 55,000 என்பது 49,360 ஆகியிருக்கும். வருத்தப்பட்டிருப்பீர்கள், ஆனால் வாடகையும் மாத்திரையும் அதில் அடங்கியிருக்கும். இப்போது அதே 5,640 போனது 45,036-லிருந்து. அதனால்தான் இவ்வளவு இடிக்கிறது.

வாசல்திண்ணை

அந்த 2,071 செயலாக்கக் கட்டணமாகவோ காப்பீடாகவோ இருக்கும். எனக்கும் அப்படி ஒன்று பிடித்தார்கள்.

சம்பளமேசை

இருக்கலாம். ஆனால் கட்டணத்தைப் பெரும்பாலும் கடன் தொகையைக் கொடுக்கும்போதே கழித்துக்கொள்வார்கள். தொகையும் கடனில் இத்தனை சதவீதம் என்று முழுசாக வரும். 2,071 அப்படி எதிலும் அடங்கவில்லை. வேறு வழியில் பார்த்தேன். 3 லட்சத்துக்கு 12 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 36,000 வட்டி. 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 98.63. 2,071-ஐ அதால் வகுத்தால் 21 வருகிறது. இது 21 நாள் வட்டி.

கடன் மாத நடுவில் கைக்கு வந்தால், அன்றிலிருந்து தவணைக் கணக்கு தொடங்கும் நாள் வரை தனியாக வட்டி போடுவார்கள். நாங்கள் முன்வட்டி என்போம். ஒரே ஒரு முறைதான் வரும். இப்போது தேதி முக்கியம். உங்கள் கணக்கில் 3 லட்சம் ஏறியது எந்தத் தேதி? இந்த மாதமா, போன மாதமா?

அகல்விளக்கு

போன மாதம் 10-ஆம் தேதி. ஏன் கேட்கிறீர்கள்? (அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். கேட்டதற்கு நன்றி.)

சம்பளமேசை

சந்தோஷம். இந்த மாதம் 10 என்று சொல்லியிருந்தால் இது தப்பான பிடித்தம் என்றிருப்பேன். முதல் தவணைக்குள்ளேயே ஒரு முழு மாத வட்டி 3,000 இருக்கிறது. கடன் வாங்கி மூன்று வாரமே ஆன ஒருவரிடம் முழுத் தவணையும் 21 நாள் வட்டியும் சேர்த்து வாங்கினால், அதே நாட்களுக்கு இரண்டு முறை வட்டி வாங்கியதாகிவிடும். அப்படி ஒரு சீட்டு என் மேசைக்கே வந்திருக்கிறது, திருப்பிக் கொடுக்க வைத்தோம்.

உங்களுக்குப் போன மாதம் 31 நாள். 10-லிருந்து 31 வரை 21 நாள், அதற்கு 2,071. பிறகு இந்த முழு மாதம், அதன் வட்டி 3,000 தவணைக்குள் இருக்கிறது. பொருந்துகிறது. முன்வட்டியைப் போன மாதச் சம்பளத்திலேயே பிடித்திருக்க வேண்டும். பட்டியல் மூடிய பிறகு கடிதம் வந்திருக்கும், அதனால் இந்த மாதம் சேர்ந்துவிட்டது.

அடுத்த மாதம் விடுப்பு இல்லையென்றால் 45,036 வரும். டைரியில் எழுதியது தப்பில்லை.

கூழாங்கல்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், என் கதையையும் சொல்கிறேன், யாருக்காவது உதவும். எனக்கும் சம்பளப் பிடித்தம்தான். சீட்டில் நான்கு மாதமும் தவணை கழிந்திருந்தது. திடீரென்று கடன் கொடுத்த இடத்திலிருந்து, இரண்டு தவணை நிலுவை, அபராத வட்டி என்று போன். அலுவலகம் பிடித்த பணத்தை அங்கே அனுப்பாமல் வைத்திருந்தது. சீட்டு, பிடித்தக் கடிதம் எல்லாம் கொடுத்து அபராதத்தை நீக்க வைத்தேன். ஆனால் தாமதமாகக் கட்டியவள் என்று என் கடன் பதிவில் ஏறியது இன்னும் மாறவில்லை. எழுதிப் போட்டு ஏழு மாதம் ஆகிறது. சீட்டில் பிடித்தாயிற்று என்றால் கட்டியாயிற்று என்று அர்த்தம் இல்லை, தயவுசெய்து நம்பிவிடாதீர்கள்.

சம்பளமேசை

கூழாங்கல் சொல்வதை இந்த இழையில் எல்லோரும் குறித்துக்கொள்ள வேண்டும். சரிபார்க்க வழி இருக்கிறது. முதல் தவணையில் வட்டி 3,000 போக 6,964 அசலுக்குப் போகும். பணம் போய்ச் சேர்ந்திருந்தால் கடன் கணக்கில் பாக்கி 2,93,036 என்று காட்ட வேண்டும். அகல்விளக்கு, செயலியில் என்ன காட்டுகிறது?

அகல்விளக்கு

இப்போது திறந்து பார்த்தேன். 3,00,000 என்றே இருக்கிறது. படபடப்பாக இருக்கிறது.

சம்பளமேசை

நேற்றுதான் பிடித்தார்கள், பதறாதீர்கள். எல்லோருடைய பிடித்தத்தையும் சேர்த்து ஒரே பட்டியலாக அனுப்புவதால் சில நாள் ஆகும். தவணையின் கடைசித் தேதி என்ன?

அகல்விளக்கு

5.

சம்பளமேசை

அப்படியானால் 3-ஆம் தேதி பாருங்கள். அன்றும் 3 லட்சமே இருந்தால் கணக்குப் பிரிவுக்குச் சீட்டை இணைத்து மின்னஞ்சல் அனுப்புங்கள், அனுப்பிய விவர எண்ணைக் கேளுங்கள். வாயால் கேட்டால் போதாது, எழுத்தில் இருக்க வேண்டும்.

நெடுஞ்சாலை

ஒரு சந்தேகம். விடுப்பு இன்னும் நீண்டு, சம்பளமே தவணைக்குப் பத்தாமல் போனால்?

சம்பளமேசை

ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி. சில இடங்களில் கைக்கு இவ்வளவாவது போக வேண்டும் என்று வரம்பு வைத்து, அதற்கு மேல் இருப்பதை மட்டும் பிடிப்பார்கள். சில இடங்களில் அந்த மாதம் பிடித்தத்தையே விட்டுவிடுவார்கள். இரண்டிலும் குறைந்த தொகை கடன் கணக்கில் நிலுவையாக நிற்கும், அதை நாமே நேரில் கட்ட வேண்டும். கடன் கொடுத்தவர் சொல்லுவார் என்று காத்திருந்தால் அபராதம் ஏறிவிடும்.

அகல்விளக்கு

மூன்று நாளில் இரண்டை ஈட்டிய விடுப்பில் மாற்ற முடியுமா என்று மேலாளருக்கு எழுதியிருக்கிறேன். ஆஸ்பத்திரி சீட்டைக் கேட்டிருக்கிறார். மாற்றினால் எவ்வளவு திரும்பும்?

சம்பளமேசை

ஒரு நாளுக்கு 2,000, அதில் சேமநல நிதிக்கு 120 போக 1,880. இரண்டு நாளுக்கு 3,760. அடுத்த மாதச் சீட்டில் நிலுவைச் சம்பளம் என்று வரும்.

அகல்விளக்கு

டைரியில் குறித்துக்கொண்டேன். 3-ஆம் தேதி பாக்கித் தொகையைப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.