பனியே விழவில்லை, கால்விரல்கள் ஏன் வீங்கி எரிகின்றன?

கவிதா, லீட்ஸ்: செப்டம்பரில் இங்கே வந்தோம். ஒரு வாரமாக இரண்டு கால்களிலும் சுண்டுவிரலும் மெட்டி போட்ட விரலும் வீங்கிக் கருஞ்சிவப்பாக இருக்கின்றன. போர்வைக்குள் போனதும் அரிப்பும் எரிச்சலும் தாங்கவில்லை. வெளியே 6 டிகிரிதான். மழையில் பஸ்ஸுக்கு நின்றுவிட்டு வந்து, ரேடியேட்டர்மேல் கால்களை வைத்துக்கொள்வது வழக்கம். படர்தாமரைக் களிம்பு பூசியும் பயனில்லை.

செல்வம், டொராண்டோ: பனிக்கடிதான். சுடுநீரில் உப்புப் போட்டுக் கால்களை வையுங்கள். தடித்த காலுறை இரண்டு ஜோடி போடுங்கள். நனைந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.

தேவகி, லண்டன் (செவிலியர்): செல்வம் அண்ணா சொன்னதில் கடைசி வரி மட்டும் சரி. பனிக்கடியில் தோலே உறைந்து, வெளிறி மரத்துப்போகும். 6 டிகிரியில் அது வராது. இது சில்பிளெயின். இங்கிலாந்தைப் போன்ற ஈரக்குளிரில் அடிக்கடி வருவது. குளிரில் தோலின் நுண்ணிய இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. திடீரென்று சூடு பட்டால் இரத்தம் பாய்ந்து வருகிறது; குழாய்கள் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் நீர் கசிந்து வீங்குகிறது. ஆகவே உங்கள் ரேடியேட்டரும் அண்ணாவின் சுடுநீரும் ஒரே தப்பு.

வந்ததும் ஈரக் காலுறையைக் கழற்றி, விரலிடுக்குவரை ஒற்றித் துடைத்து, உலர்ந்த கம்பளிக் காலுறை போட்டுப் போர்வைக்குள் மெதுவாகச் சூடேற விடுங்கள். இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு ஜோடி திணித்தால் இரத்த ஓட்டம்தான் குறையும். சொறியாதீர்கள். புண் இல்லாத இடத்தில் லானோலின் களிம்பு தடவலாம். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். ஆறாவிட்டாலும், சீழ் வைத்தாலும், சர்க்கரை நோய் இருந்தாலும் உங்கள் குடும்ப மருத்துவரான ஜி.பி.யைப் பாருங்கள். நம் நிறத்தில் சிவப்பு ஊதாவாகவோ கருமையாகவோதான் தெரியும். ஆகவே எப்போது தொடங்கியது, எப்படி எரிகிறது என்று மருத்துவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

மீரா, ஒஸ்லோ: எனக்கும் இதேதான். ஃபிரிட்ஜிலிருந்து பால் எடுத்தாலே கைவிரல்கள் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவக்கின்றன. அரைமணியில் சரியாகிவிடும்.

தேவகி: அது வேறு, மீரா. குளிர் பட்டதும் விரல்களின் இரத்தக்குழாய்கள் திடீரென்று சுருங்கிக்கொள்ளும் ரேனோ நோய் போலத் தெரிகிறது. சில்பிளெயின் குளிர்பட்டுப் பல மணி நேரம் கழித்தே தலைகாட்டும், நாள்கணக்கில் தங்கும். இரண்டும் ஒருவருக்கே வருவதும் உண்டு. மருத்துவரிடம் சொல்லுங்கள், எழுத்தில் பார்த்து நான் உறுதியாகச் சொல்ல முடியாது.

கவிதா: நன்றி அக்கா. வீட்டுக்குள்ளேயே 14 டிகிரிதான் இருக்கிறது. எரிவாயுக் கட்டணத்துக்குப் பயந்து மாலையில் மட்டும் சூடாக்குகிறோம்.

தேவகி: அதுவும் ஒரு காரணம். நீங்கள் உட்காரும் அறையையாவது 18 டிகிரியில் வையுங்கள்.

செல்வம்: ஹீட்டரை நாள் முழுக்கக் குறைவாக எரிய விட்டால் செலவு மிச்சம்.

தேவகி: அது வீட்டைப் பொறுத்தது அண்ணா, எல்லாருக்கும் பொருந்தாது.

கவிதா: மெட்டியைக் கழற்றக்கூடாது என்கிறார் மாமியார்.

தேவகி: இன்றைக்கே கழற்றுங்கள். இன்னும் வீங்கினால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். வீக்கம் வடிந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.